சாரல் மேல் பழி போடாதீர்கள்

அக்டோபர் பிறந்தால் சென்னையின் பல அடுக்குமாடி வீடுகளில் ஒரு சடங்கு ஆரம்பமாகும். பழைய லுங்கி, கிழிந்த துண்டு, போன வருஷத்து பெட்ஷீட் எல்லாம் பரணிலிருந்து இறங்கும். அவற்றைச் சுருட்டி ஜன்னலோரம் அணை கட்டுவார்கள். ராத்திரி மழை வலுத்தால் வீட்டில் யாராவது ஒருவர் எழுந்துபோய்ப் பிழிந்து பக்கெட்டில் ஊற்றிவிட்டு வர வேண்டும். விடிந்ததும் பார்த்தால் ஜன்னலுக்குக் கீழே சுவரில் ஈரம் உலக வரைபடம் மாதிரிப் பரவியிருக்கும். பக்கத்தில் இருக்கும் பிளக் பாயிண்டைத் தொடவே பயமாக இருக்கும்.

பில்டருக்கு போன் போட்டால் பதில் தயாராக இருக்கும். "சாரல் சார். காத்தோட அடிக்கிற மழைக்கு யார் என்ன பண்ண முடியும்? நல்ல சிலிக்கானாத்தான் அடிச்சிருக்கோம். வேணும்னா ஆளை அனுப்பி இன்னொரு தடவை அடிச்சுக் குடுக்கச் சொல்றேன்." ஆளும் வருவார். பழைய சிலிக்கான் மேலேயே புது சிலிக்கானை இழுத்துவிட்டுப் போவார். அடுத்த அக்டோபரில் மறுபடியும் லுங்கி இறங்கும்.

இந்தப் பதிலில் இருக்கும் மூன்று வாக்கியங்களுமே தவறு. சாரல் குற்றவாளி அல்ல. காற்றோடு வரும் மழையை நிறுத்துவதற்கு வழி இருக்கிறது, அது பல பத்தாண்டுகளாகப் புத்தகத்தில் இருக்கும் வழி. சிலிக்கான் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதை அடித்திருக்கும் விதத்தில் அது தோற்றே தீரும். உண்மையான குற்றம் கட்டுமானத்தின்போதே நடந்துவிட்டது. சுவருக்கும் ஜன்னல் ஃப்ரேமுக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளியை யாரும் விடவில்லை. தண்ணீர் உள்ளே வராமல் இருக்க வேண்டுமானால் முதலில் ஒரு இடைவெளி விட வேண்டும். கேட்க விசித்திரமாக இருந்தாலும் விஷயம் அதுதான்.

முதலில் காற்றின் கணக்கு

நேராக விழும் மழை ஜன்னலுக்குப் பெரிய தொந்தரவு இல்லை. சுவரில் வழிந்து கீழே போய்விடும். காற்று சேரும்போதுதான் கதை மாறுகிறது. காற்று சுவரில் மோதும்போது வெளியே அழுத்தம் கூடுகிறது, வீட்டுக்குள் அதைவிடக் குறைவாக இருக்கிறது. இந்த வித்தியாசம் சுவரில் ஒட்டியிருக்கும் தண்ணீரை எந்தச் சந்து கிடைத்தாலும் அதன் வழியே உள்ளே தள்ளும். ஸ்ட்ராவில் இளநீர் ஏறுவதும் இதே சங்கதிதான்.

எவ்வளவு தள்ளும்? இந்தியக் கட்டுமான விதிகளில் காற்றழுத்தத்துக்கு ஒரு எளிய சூத்திரம் இருக்கிறது. காற்றின் வேகத்தை விநாடிக்கு மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்கினால் அழுத்தம் பாஸ்கலில் கிடைக்கும். மணிக்கு 72 கிலோமீட்டர் காற்று என்றால் விநாடிக்கு 20 மீட்டர். 400-ஐ 0.6-ஆல் பெருக்கினால் 240 பாஸ்கல். இது ஏறக்குறைய 24 மில்லிமீட்டர் உயரமுள்ள தண்ணீரைத் தூக்கி நிறுத்தப் போதுமான அழுத்தம். அதாவது ஜன்னலின் அடியில் இரண்டு சென்டிமீட்டர் தடுப்பு இருந்தால், தண்ணீர் அதன் மேல் ஏறி உள்ளே குதிக்கும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது காற்று மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டியது. அந்த வேகத்தில் இந்த உயரம் இரண்டு மடங்காகிவிடும்.

இனி சந்தின் அளவு. ஃப்ரேமுக்கும் சுவருக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் பிளவு விட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாது. அது 1200 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஓடினால் மொத்தப் பரப்பு 600 சதுர மில்லிமீட்டர். ஒரு அங்குலத்துக்கும் அதிகமான விட்டமுள்ள வட்ட ஓட்டைக்கு இது சமம். சுவரில் அப்படியொரு ஓட்டை இருந்தால் எந்த பில்டரும் "சாரல் சார்" என்று சொல்லித் தப்பிக்க மாட்டார். ஓட்டையை நீட்டி மெல்லிசாக்கி வைத்திருப்பதால் தப்பித்துக்கொள்கிறார்.

பிளவு ஏன் விடுகிறது?

இங்கேதான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். ஃப்ரேமை ஸ்க்ரூ போட்டு முடுக்கியாகிவிட்டது, கலவை வைத்து அடைத்தாகிவிட்டது, இனி அது எங்கே போகும் என்று கேட்கிறார்கள். எங்கேயும் போகாது. ஆனால் நீளும், சுருங்கும், தினமும்.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். நான்காவது மாடி, கிழக்குப் பார்த்த ஹால், எட்டடி அகலத்தில் அடர் பிரவுன் நிற அலுமினிய ஜன்னல். எட்டடி என்பது சுமார் 2400 மில்லிமீட்டர். ஏப்ரல் மாதக் காலை வெயிலில் அந்த ஃப்ரேமின் சூடு 65 டிகிரி வரை போகலாம். தொட்டால் கை பொசுங்கும். டிசம்பர் மாத மழை இரவில் அதே ஃப்ரேம் 22 டிகிரிக்கு இறங்கும். வித்தியாசம் 43 டிகிரி. அலுமினியம் ஒரு டிகிரிக்கு, ஒவ்வொரு மீட்டருக்கும் 0.024 மில்லிமீட்டர் நீளும். 2.4 மீட்டருக்கு, 43 டிகிரிக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர். இரண்டு பக்கமும் பாதிப் பாதியாகப் பிரிந்தால் ஒரு பக்கத்துக்கு 1.25 மில்லிமீட்டர். செங்கல்லும் கான்கிரீட்டும் இவ்வளவு அசையாது. அலுமினியத்தைவிடக் குறைவாக நீளும், கனமான சுவர் அவ்வளவு சீக்கிரம் சூடேறவும் செய்யாது. எனவே இந்த 1.25-இல் பெரும்பகுதி சுவருக்கும் ஃப்ரேமுக்கும் நடுவிலான இணைப்பின் தலையில்தான் விடியும்.

யூபிவிசி என்றால் இன்னும் மோசம். அந்தப் பிளாஸ்டிக் அலுமினியத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் நீளக்கூடியது. வெள்ளை நிறம் என்பதால் சூடு குறைவாக ஏறும், உள்ளே வைக்கும் இரும்புச் சட்டம் கொஞ்சம் பிடித்து நிறுத்தும். இருந்தாலும் அசைவு அலுமினியத்துக்குக் குறைவாக இருக்கும் என்று நம்பி வேலை செய்யக் கூடாது.

ஒரு மில்லிமீட்டரும் கால் மில்லிமீட்டரும் என்ன பெரிய சமாச்சாரம் என்று தோன்றலாம். சீலண்ட் என்பது ரப்பர் மாதிரி இழுபடும் பொருள். அது எவ்வளவு இழுபடும் என்பதை அதன் அகலத்தில் சதவீதமாகச் சொல்வார்கள். டப்பாவில் 25 என்ற வகுப்பு எண் இருந்தால், பூசியபோது இருந்த அகலத்தில் 25 சதவீதம் விரியவும் 25 சதவீதம் சுருங்கவும் அதனால் முடியும் என்று அர்த்தம். இப்போது அந்த 1.25 மில்லிமீட்டரைப் பொருத்திப் பாருங்கள்.

கலவையை ஃப்ரேம் வரை பூசிவிட்டு, நடுவில் மிஞ்சியிருக்கும் இடைவெளி 1 மில்லிமீட்டர் என்றால், அதை மூடியிருக்கும் சீலண்ட் 125 சதவீதம் இழுபட வேண்டும். கிழியாமல் என்ன செய்யும்? அதே இடத்தில் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் 25 சதவீதம். தாங்கும், ஆனால் விளிம்பில் நிற்கிறது. 10 மில்லிமீட்டர் இருந்தால் வெறும் 12.5 சதவீதம். சீலண்டின் சக்தியில் பாதி மிச்சம். கொத்தனார் கொஞ்சம் கோணலாகப் பூசியிருந்தாலும், மேலே பீம் லேசாகத் தொய்ந்தாலும் அந்த மிச்சம் காப்பாற்றும்.

மருந்து ஒன்றுதான், அசைவும் ஒன்றுதான். இடைவெளியின் அகலம் மட்டும் மாறியது. ஒன்று கிழிகிறது, மற்றொன்று வருஷக்கணக்கில் நிற்கிறது. "நல்ல சிலிக்கான்தான் அடிச்சோம்" என்ற வாதம் இந்த இடத்திலேயே செத்துவிட்டது.

மூலையில் இழுக்கும் கோடு

இப்போது உண்மையில் சைட்டில் நடப்பதைப் பார்க்கலாம். ஜன்னல் திறப்பைக் கொத்தனார் குத்துமதிப்பாகப் பூசி வைத்திருப்பார். ஃப்ரேம் கொண்டுவருபவர் இருக்கும் அளவுக்கு ஃப்ரேம் செய்து, தட்டித் தட்டி உள்ளே நுழைப்பார். ஒரு பக்கம் இடைவெளியே இருக்காது, எதிர்ப்பக்கம் விரல் போகும். விரல் போகும் இடத்தில் சிமெண்ட் கலவையை வைத்து அடைப்பார்கள். பிறகு பட்டி, பிறகு பெயிண்ட். எல்லாம் முடிந்து, ஃப்ரேமும் சுவரும் சந்திக்கும் மூலையில் சிலிக்கான் துப்பாக்கியால் ஒரு கோடு இழுத்து, எச்சில் தொட்ட விரலால் ஒரு தேய்ப்பு. வேலை முடிந்தது!

இந்தக் கோடு நான்கு விதத்தில் தோற்கிறது. முதலாவது, மேலே பார்த்த அகலக் கணக்கு. மூலையில் முக்கோணமாக உட்கார்ந்திருக்கும் சிலிக்கானின் அடியில் அசையும் சந்து ஒரு மில்லிமீட்டர்தான். மொத்த இழுப்பும் அந்த ஒரு இடத்தில் விழுகிறது. விரலால் தேய்த்ததில் ஓரங்கள் காகிதம் போல மெலிந்திருக்கும், அங்கேதான் முதலில் உரியும்.

இரண்டாவது, சிலிக்கான் ஒட்டியிருப்பது சுவரில் இல்லை. பெயிண்டில் ஒட்டியிருக்கிறது. பெயிண்ட் பட்டியில் ஒட்டியிருக்கிறது. பட்டி ஈரம் பட்டால் பொருபொருத்துப்போகும். இழுக்கும்போது சிலிக்கான் கிழியாது, பட்டியைப் பெயர்த்துக்கொண்டு வரும்.

மூன்றாவது, ட்யூபைத் திறந்ததும் வினிகர் வாசனை அடிக்கும் மலிவு சிலிக்கான். அது காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். சிமெண்ட் பூச்சு காரத்தன்மை உள்ளது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் உப்பு உருவாகி ஒட்டுதல் விட்டுப்போகும். கண்ணாடிக்கும் டைல்ஸுக்கும் அது நல்ல பொருள், சிமெண்ட்டுக்கு ஆகாது. சுவருக்கு வேண்டியது நியூட்ரல் வகை சிலிக்கான், அல்லது பாலியூரிதேன், அல்லது எம்.எஸ். பாலிமர் எனப்படும் கலப்பு வகை. சிமெண்ட் பரப்புக்குத் தயாரிப்பாளர் சொல்லும் பிரைமரையும் முதலில் தடவ வேண்டும்.

நான்காவதுதான் உச்சகட்டக் கொடுமை. ரிப்பேருக்கு ஆள் வருவது எப்போது? புகார் வந்த பிறகு. புகார் வருவது எப்போது? மழை பெய்த பிறகு. ஆக, ஈரச் சுவரில், பழைய சிலிக்கானுக்கு மேல், புது சிலிக்கான். இரண்டிலுமே அது ஒட்டாது.

நுரைக் கயிறு என்ன செய்கிறது?

சரி, 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டாயிற்று. அதில் முழுக்க சீலண்டை நிரப்பிவிட்டால் போதுமா? போதாது. அதுவும் கிழியும். இந்த இடத்தில்தான் பேக்கர் ராட் வருகிறது.

பெயர்தான் ராட், பார்த்தால் நுரையில் செய்த கயிறு. பாலிஎத்திலீன் நுரை, சாம்பல் அல்லது வெள்ளை நிறம், சுருளாக விற்கும். விட்டம் இடைவெளியைவிடச் சுமார் கால் பங்கு கூடுதலாக இருக்க வேண்டும். 10 மில்லிமீட்டர் இடைவெளிக்கு 12 அல்லது 13 மில்லிமீட்டர் ராட். அழுத்தி உள்ளே நுழைத்தால் தானாகப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

அதன் முக்கியமான குணம், சீலண்ட் அதில் ஒட்டாது என்பதுதான். இதைப் புரிந்துகொள்ள ஒரு ரப்பர் பேண்டைக் கற்பனை செய்யுங்கள். இரண்டு முனையைப் பிடித்து இழுத்தால் நடுவே மெலிந்து நீளும். அதே ரப்பர் பேண்டின் முதுகு முழுவதையும் ஒரு பலகையில் ஒட்டிவிட்டு, அந்தப் பலகை நடுவில் பிளந்து நகர்ந்தால்? நீள்வதற்கு ரப்பருக்கு இடமே இல்லை. பிளவுக்கு நேர் மேலே, அந்த ஒரு கோட்டில் அறுந்துவிடும். சீலண்டும் அப்படியே. சுவர், ஃப்ரேம் என்ற இரண்டு பக்கத்தில் மட்டும் ஒட்டியிருந்தால் சுதந்திரமாக இழுபடும். பின்பக்கத்திலும் ஒட்டிக்கொண்டால் மூன்று பக்கப் பிடி. அசைவு வந்ததும் அறுந்துபோகும். ராட் செய்வது அந்த மூன்றாவது பக்கத்தை விடுவிக்கும் வேலை.

இரண்டாவது வேலை, சீலண்டின் கனத்தைக் கட்டுப்படுத்துவது. நிறைய அடைத்தால் நிறைய தாங்கும் என்று நினைப்பது தவறு. கனம் கூடினால் விறைப்பும் கூடும், ஓரங்களில் இழுப்பும் கூடும். கனம் அகலத்தில் பாதியளவு, ஆனால் 6 மில்லிமீட்டருக்குக் குறையாமல் என்பது பொதுவான விதி. 10 மில்லிமீட்டர் அகலத்துக்கு நடுவில் 6 மில்லிமீட்டர் கனம். ராட் உருண்டையாக இருப்பதாலும், மேலே உட்குழிவாகத் தேய்ப்பதாலும் சீலண்ட் நடுவே மெலிந்து, ஓரங்களில் தடித்து, உடுக்கை வடிவத்தில் அமையும். இழுபட வேண்டிய இடம் மெலிவு, ஒட்ட வேண்டிய இடம் அகலம். மூன்றாவது வேலை, அழுத்தித் தேய்க்கும்போது பின்னால் முட்டுக் கொடுப்பது. முட்டு இல்லாவிட்டால் சீலண்ட் உள்ளே ஓடிப்போகுமே தவிர, பக்கங்களில் அழுந்தி ஒட்டாது.

ராடைத் தள்ளுவதற்கு ஸ்க்ரூ டிரைவரைப் பயன்படுத்துபவர்கள் உண்டு. நுரையில் ஓட்டை விழுந்தால் உள்ளிருக்கும் வாயு வெளியேறி, காயாத சீலண்டில் கொப்புளம் போடும். மழுங்கிய மரக்கட்டை போதும். ஆழம் ஒரே சீராக இருக்கும்படி ஒரு கட்டையில் அடையாளம் வைத்துக்கொண்டால் குழந்தைகூடச் செய்துவிடும்.

ஒரே ஒரு ட்யூபுக்காகவா?

"இதெல்லாம் வெளிநாட்டு வேலை சார், நம்ம பட்ஜெட்டுக்குக் கட்டுப்படியாகாது" என்பது அடுத்த வாதம். கணக்குப் போட்டுவிடலாம்.

அந்த எட்டடி அகல ஜன்னல் நான்கடி உயரம் என்றால் சுற்றளவு சுமார் 7.2 மீட்டர். மூலையில் இழுக்கும் முக்கோணக் கோடு ஒவ்வொரு பக்கமும் 6 மில்லிமீட்டர் என்று தாராளமாக வைத்தால், மொத்தம் சுமார் 130 மில்லிலிட்டர் சிலிக்கான். 300 மில்லிலிட்டர் ட்யூபில் பாதிகூட இல்லை. முறையான இணைப்பில் 10 மில்லிமீட்டர் அகலம், 6 மில்லிமீட்டர் கனம். மீட்டருக்கு 60 மில்லிலிட்டர் வீதம் மொத்தம் சுமார் 430 மில்லிலிட்டர். ஒன்றரை ட்யூபுக்குக் கொஞ்சம் குறைவு. வித்தியாசம் ஒரே ஒரு ட்யூப்! கூடவே ஏழெட்டு மீட்டர் நுரைக் கயிறு, கொஞ்சம் பிரைமர், மாஸ்கிங் டேப், ஒரு ஆளின் சில மணி நேரம். இருபது வருஷ வீட்டுக்கடனில் வாங்கிய வீட்டில், மிச்சம் பிடித்தது இவ்வளவுதான்.

"இடைவெளி தெரிந்தால் அசிங்கமாக இருக்கும்" என்பார்கள். ஃப்ரேம் நிறத்திலேயே சீலண்ட் கிடைக்கிறது. நேராக இழுத்த 10 மில்லிமீட்டர் கோடு யார் கண்ணையும் உறுத்தாது. பட்டி உப்பி உதிரும் சுவர்தான் உறுத்தும்.

"நாங்க ஃபோம் அடிச்சிருக்கோம்" என்பது யூபிவிசி தரப்பின் பெருமை. அந்தப் பாலியூரிதேன் நுரை இடுக்கை நிரப்பும், சூட்டையும் சத்தத்தையும் குறைக்கும். ஆனால் அது மழைத்தடுப்பு அல்ல. வெயில் பட்டால் மஞ்சளாகி, பொடிந்து உதிரும். கத்தியால் அறுத்த முகத்தில் தண்ணீர் ஊறும். உள்ளே அது இருக்கட்டும், அதற்கு வெளியே ராடும் சீலண்டும் வேண்டும்.

"ஆளுக்குத் தெரியாது" என்பதும் உண்டு. கண்ணாடி முகப்பு வைத்த ஐ.டி. கட்டடங்களில் இதே நகரத்தில் இதே வேலை நடக்கிறது. அங்கே கன்சல்டன்ட் கேட்கிறார், அதனால் செய்கிறார்கள். குடியிருப்பில் கேட்பவர் இல்லை.

வான்கூவர் கற்றுக்கொண்ட பாடம்

இது சென்னையின் தனிச் சொத்து என்று யாரும் நினைக்க வேண்டாம். காற்றும் மழையும் சேர்ந்தடிக்கும் கனடாவின் வான்கூவர் பகுதியில் 1980-களிலும் 90-களிலும் கட்டிய ஏராளமான அடுக்குமாடி வீடுகள் கசிந்து, சுவருக்குள் இருந்த மரச்சட்டங்கள் உளுத்துப்போயின. மக்கள் தெருவுக்கு வந்தார்கள். 1998-இல் அந்த மாகாணத்தின் முன்னாள் முதல்வர் டேவ் பேரட் தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அதற்கு முன் 1996-இல் வந்த ஆய்வே விஷயத்தைச் சொல்லிவிட்டது. தண்ணீர் பெரும்பாலும் புகுந்தது சுவரின் பரப்பு வழியாக அல்ல, ஜன்னல் போன்றவை சுவரைச் சந்திக்கும் இடங்கள் வழியாக. கூரை அகலமாக வெளியே நீண்டிருந்த சுவர்களில் தொல்லை குறைவு.

சென்னையில் சுவர் செங்கல், கான்கிரீட். உளுக்காது. அதனால்தான் இங்கே யாரும் தெருவுக்கு வரவில்லை. லிண்டல் கம்பி துருப்பிடித்து கான்கிரீட் வெடிப்பதும், சுவரில் உப்புப் பூப்பதும், ஈரத்தில் பூஞ்சை படர்வதும் மெதுவாக நடக்கிறது. மெதுவாக நடப்பதால் "பழைய வீடு, அப்படித்தான்" என்று போய்விடுகிறது.

வான்கூவரிலிருந்து இன்னொரு பாடமும் உண்டு. முறையான சீலண்ட் இணைப்பும் தனியாகக் கடவுள் அல்ல. வெளி முகத்தில் ஒரே ஒரு கோட்டை நம்பியிருந்த சுவர்கள்தான் அங்கே மோசமாக அடிவாங்கின. கோட்டில் எங்காவது ஒரு ஊசிமுனை ஓட்டை விழும், அப்போது உள்ளே வந்த தண்ணீருக்கு வெளியேற வழி வேண்டும். ஜன்னலின் அடிக்கல் வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும், அதன் கீழ் விளிம்பில் தண்ணீர் சொட்டுவதற்கு ஒரு பள்ளக் கோடு வேண்டும். ஃப்ரேமுக்கு அடியில் நீர்த்தடுப்புப் பூச்சு ஏறியிருக்க வேண்டும். ஃப்ரேமின் அடியில் தயாரிப்பாளர் போட்டிருக்கும் வடிகால் துளைகள் திறந்திருக்க வேண்டும். "கசியுது" என்றதும் வந்த ஆள் அந்தத் துளைகளையும் சேர்த்து சிலிக்கானால் அடைத்துவிட்டுப் போன வீடுகள் உண்டு. தண்ணீர் வெளியே போகும் ஒரே வழியை அடைத்துவிட்டால் அது வீட்டுக்குள்தானே வரும்?

அந்தக் காலத்து வீடுகளில் ஒவ்வொரு ஜன்னலுக்கும் மேலே ஒன்றரை அடி, இரண்டடி சன்ஷேட் இருக்கும். எலிவேஷன் அழகுக்காக அதையும் வெட்டிவிட்டார்கள். குடையைப் பிடுங்கியவர்கள் சட்டைப் பொத்தானையாவது ஒழுங்காகப் போட்டிருக்க வேண்டாமா?

சீலண்டுக்கு ஆயுளும் உண்டு. வெயிலில் நல்ல சிலிக்கான் பதினைந்து, இருபது வருஷம் ஓடும். பாலியூரிதேன் அதைவிட முன்னதாகவே வெடிக்கத் தொடங்கும். வருஷத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன் பார்க்க வேண்டும், காலம் முடிந்தால் அறுத்தெடுத்துவிட்டு மாற்ற வேண்டும். இதையும் மறைக்காமல் சொல்வதுதான் நேர்மை.

கேட்க வேண்டியது யார்?

பிரச்சினை அறிவு இல்லாததால் அல்ல. வரைபடத்தில் யாரும் இந்த இணைப்பை வரைவதில்லை. ஆர்க்கிடெக்ட் ஜன்னலை ஒரு செவ்வகமாக வரைந்துவிட்டுப் போகிறார். கொத்தனாருக்கு அது ஜன்னல்காரர் வேலை, ஜன்னல்காரருக்கு அது பெயிண்டர் வேலை, பெயிண்டருக்கு அது யாருடைய வேலையோ. நான்கு பேரின் எல்லையும் சந்திக்கும் அந்தப் பத்து மில்லிமீட்டர் யாருக்கும் சொந்தமில்லை. தண்ணீர் அங்கேதான் பட்டா போட்டுக்கொள்கிறது.

எனவே சாவி வாங்குவதற்கு முன்னால், வாங்குபவர் கேட்க வேண்டியது மூன்றே கேள்விகள். ஃப்ரேமைச் சுற்றி எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருக்கிறீர்கள்? உள்ளே ராட் வைத்தீர்களா? சீலண்ட் ஒட்டியிருப்பது பூச்சிலா, பெயிண்டிலா? இந்த மூன்றுக்கும் பதில் வராமல் "கிரானைட் போட்டிருக்கோம், வீடியோ டோர் போன் குடுத்திருக்கோம்" என்று பேச்சு மாறினால், பரணில் லுங்கியை எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

மழை வருஷா வருஷம் வரும் விருந்தாளி. எந்த மாதம், எந்தத் திசை என்று எல்லாமே முன்கூட்டித் தெரியும். தெரிந்த விருந்தாளிக்குக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, வந்ததும் அவரையே திட்டுவது என்ன நியாயம்?

பி.கு. 1: ஏற்கெனவே குடியிருக்கும் வீட்டில் சீலண்ட் பிடித்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி. பிளேடால் சீலண்டைக் குறுக்கே ஒரு வெட்டு, அங்கிருந்து இரண்டு ஓரமும் இரண்டு அங்குல நீளத்துக்கு வெட்டி, அந்த வாலைப் பிடித்து நேர்கோணத்தில் இழுங்கள். நன்றாக நீண்டு, நடுவே கிழிந்தால் ஒட்டுதல் சரி. சுத்தமாக உரிந்து வந்தால் ஒட்டவே இல்லை. பின்னால் பட்டியோ பெயிண்டோ ஒட்டிக்கொண்டு வந்தால் குற்றவாளி அதுதான். பார்த்த பிறகு வெட்டிய இடத்தை அதே வகை சீலண்டால் மூட மறக்க வேண்டாம்.

பி.கு. 2: கசிவு எங்கே என்று தெரிய, வெயில் நாளில் ஹோஸ் பைப்பால் கீழிருந்து மேலாக நனையுங்கள். முதலில் அடிப்பக்கம் மட்டும் பத்து நிமிடம், பிறகு பக்கவாட்டு, கடைசியில் மேல்பக்கம். எந்தக் கட்டத்தில் உள்ளே ஈரம் வருகிறதோ அதுதான் இடம். மேலிருந்து ஆரம்பித்தால் வழியும் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்து, ஒன்றும் விளங்காது. மாடி ஜன்னலுக்கு வெளியே தொங்கிக்கொண்டு யாரும் இதைச் செய்ய வேண்டாம், பால்கனி வழியாக எட்டும் ஜன்னலில் மட்டும் பாருங்கள்.

பி.கு. 3: இடைவெளியே இல்லாத பழைய ஜன்னலுக்கு நல்ல வழி, வெளிப்பூச்சை மெஷினால் நேராக அறுத்து 10 மில்லிமீட்டர் வாய் திறப்பது. முடியாத இடத்தில் மூலைக் கோடே கதி என்றால், பழையதை முழுக்கச் சுரண்டிவிட்டு, பெயிண்டையும் பட்டியையும் பூச்சு தெரியும்வரை எடுத்துவிட்டு, மூலையில் ஒட்டாத டேப்போ மெல்லிய ராடோ வைத்து, அதன் இரண்டு பக்கமும் குறைந்தது 6 மில்லிமீட்டராவது ஒட்டும்படி சீலண்ட் அடிக்கச் சொல்லுங்கள். கோடை மாதத்தில், காய்ந்த சுவரில். தீபாவளிக்கு அடுத்த நாள் அல்ல!